லிவர் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்வது எப்படி? ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்காக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ரிப்போர்ட்டுகளை நோயாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. இதே வேலையில் இருப்பவர்களும், அம்மா அப்பாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்எஃப்டி என்பதை "கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை" என்று எழுதினால் போதாதா?

தலைப்பாக எழுதலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெயரை மட்டும் கேட்ட நோயாளி, ரிப்போர்ட்டில் எந்த வரி ஏறியிருந்தாலும் "ஈரல் வேலை செய்யலை" என்று எடுத்துக்கொள்கிறார். இங்கிலீஷ் பெயரிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது, நாம் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அந்த ஒரே தாளில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி போன்றவை ஈரலில் காயம் இருக்கிறதா என்று சொல்பவை. பிலிருபின், அல்புமின் இரண்டும் ஈரல் தன் வேலையை முடிக்கிறதா என்று சொல்பவை. ஃபேட்டி லிவரில் பெரும்பாலும் முதல் வகைதான் ஏறும், இரண்டாவது வகை வெகுகாலம் சரியாகவே இருக்கும். அதனால் நான் தாளின் நடுவே பேனாவால் ஒரு கோடு இழுத்து, மேலே "காயம்", கீழே "வேலை" என்று எழுதிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். வேறெந்தச் சொல்லையும் மொழிபெயர்ப்பதற்கு முன் இந்தப் பிரிவு அவருக்குப் புரிந்துவிட வேண்டும்.

லிவர் என்சைமுக்கு "நொதி" என்றுதானே பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அதையே சொல்லலாமா?

எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். நேரில் பேசும்போது அது மட்டும் போதாது. வீட்டில் நொதிப்பது என்றால் இட்லி மாவுதான். "உங்க ஈரல் நொதி கூடியிருக்கு" என்று சொன்னதற்கு ஒரு பெரியவர், "அப்போ வயித்துல ஏதோ புளிக்குதா? தயிரை நிறுத்திடவா?" என்று கேட்டார். அவர் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் கேட்டிருந்தார். பிழை என்னுடையது.

இன்னொரு சிக்கலும் உண்டு. "கூடியிருக்கு" என்றதும், ஈரல் எதையோ அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதைக் குறைக்க மாத்திரை வேண்டும் என்று தோன்றிவிடும். நடப்பது அது இல்லை. எஸ்ஜிபிடி ஈரல் செல்லுக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கிற ஒரு புரதம். செல்லுக்கு அடிபட்டால் அது வெளியே கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் நாம் அளப்பது அந்தக் கசிவைத்தான்.

ஆகவே நான் சொல்வது: "ஈரலுக்குள்ள இருக்க வேண்டிய சத்து கொஞ்சம் ரத்தத்துல கசியுது. கொழுப்பு சேர்ந்ததால ஈரல் லேசா புண்ணாகியிருக்கு." இங்கே "சத்து" என்பது துல்லியமான சொல் இல்லை, "புரதம்" தான் சரி. ஆனால் புரதம் என்றால் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வருவதால் பலருக்கு அது குழப்பமாகிறது. கேட்பவரைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். "கசிவு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கசிவு என்று புரிந்தவர், குறைக்க வேண்டியது கசியக் காரணமான கொழுப்பை என்பதைத் தானாகவே பிடித்துக்கொள்கிறார்.

போன ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி, இந்த ரிப்போர்ட்டில் ஏஎல்டி. இரண்டும் வேறு வேறா?

ஒன்றுதான். எஸ்ஜிபிடி பழைய பெயர், ஏஎல்டி புதிய பெயர். அதேபோல எஸ்ஜிஓடியும் ஏஎஸ்டியும் ஒன்று. லேப் மாறும்போது பெயரும் மாறும், எதிரே போட்டிருக்கும் நார்மல் அளவும் கொஞ்சம் மாறும். ஒப்பிடும்போது எண்ணோடு அந்த அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

எஸ்ஜிபிடி பெரும்பாலும் ஈரலிலிருந்து வருவது. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும்கூட நிறைய இருக்கிறது. முந்தின நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியவருக்கு எஸ்ஜிஓடி ஏறி வந்தால் அது ஈரலின் கசிவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஓரிரு நாட்கள் என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும்.

பிலிருபினுக்கு "பித்தநிறமி" நல்ல தமிழ்ச் சொல்தானே? ஏன் பலர் தவிர்க்கிறார்கள்?

நல்ல சொல்தான். பித்தநீருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது அதுதான் என்பதால் பொருளும் பொருந்துகிறது. சிரமம் முதல் பாதியில் இருக்கிறது. நம் வீடுகளில் பித்தம் என்பது தலைசுற்றல், வாய்க்கசப்பு, குமட்டல், இளநரை என்று எத்தனையோ பொருளில் புழங்குகிறது. "பித்தநிறமி கூடியிருக்கு" என்று கேட்டவர் வீட்டுக்குப் போய், "பித்தம் ஏறிடுச்சாம்" என்று சொல்வார். அடுத்த நாள் காலையில் இஞ்சிச் சாறு தயாராக இருக்கும். ரிப்போர்ட் சொன்ன விஷயம் அங்கேயே தொலைந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பிலிருபினை "மஞ்சள் காமாலை" என்றே மொழிபெயர்ப்பது. காமாலை என்பது கண்ணிலும் தோலிலும் தெரிகிற அறிகுறி. பிலிருபின் எல்லோர் ரத்தத்திலும் எப்போதும் கொஞ்சம் இருப்பது. பெரியவர்களுக்கு மொத்த அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 1.2 மில்லிகிராம் வரை நார்மல் என்று லேப்கள் போடுகின்றன. கண் மஞ்சளாகத் தெரிய அது 2, 3 என்று ஏற வேண்டும். 1.5 என்று வந்தவரிடம் "காமாலை இருக்கு" என்று சொல்லிவிட்டால், உப்பில்லாப் பத்தியமும் கீழாநெல்லியும் தொடங்கிவிடும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் உறவினரும் வந்துவிடுவார். ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இருப்பதால், நிறுத்திய மாத்திரையால் வரும் கெடுதல் அந்த 1.5-ஆல் வருவதைவிடப் பெரிது.

என் வழி, "பிலிருபின்" என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன என்பதைச் சொல்வது. முழங்கால் எங்கேயாவது இடித்துக் கன்றிப்போனால் முதலில் கருநீலமாக இருக்கும், நாலைந்து நாளில் பச்சை கலந்து, பிறகு மஞ்சளாக மாறி மறையும். எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த மஞ்சள் பிலிருபின்தான். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து உடையும்போது உடம்பெங்கும் இதே மஞ்சள் கழிவு உண்டாகிறது. அதை ரத்தத்திலிருந்து எடுத்து, கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது ஈரலின் வேலை. மலத்தின் நிறமும் இதிலிருந்து வருவதுதான். இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும்.

டைரக்ட், இன்டைரக்ட் பிலிருபின் என்றால் "நேரடி", "மறைமுக" என்று போடலாமா?

வேண்டாம். மறைமுக என்றால் எதையோ ஒளித்து வைத்திருப்பது போலக் கேட்கிறது. உண்மையில் அந்தப் பெயர்கள் நோயைப் பற்றியவையே இல்லை, சோதனைக்கூட வேலையைப் பற்றியவை. சோதனை மருந்தை ஊற்றியதும் உடனே நிறம் காட்டுவது டைரக்ட். ஆல்கஹால் போன்ற இன்னொரு பொருளைச் சேர்த்தால்தான் நிறம் காட்டுவது இன்டைரக்ட். இந்த விவரம் நோயாளிக்குத் தேவையில்லை.

அவருக்குத் தேவை, அந்தக் கழிவு ஈரலைத் தாண்டியதா இல்லையா என்பது. இன்டைரக்ட் என்பது "ஈரல் இன்னும் பதப்படுத்தாதது". டைரக்ட் என்பது "ஈரல் பதப்படுத்திவிட்டது". நான் எழுதிக் கொடுக்கும் தாள்களில் "பதப்படுத்தாத பிலிருபின்", "பதப்படுத்திய பிலிருபின்" என்றே எழுதுகிறேன், பக்கத்தில் லேப் போட்டிருக்கும் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். பதப்படுத்தியது ரத்தத்தில் தேங்கினால், வெளியேறும் பாதையில் அடைப்போ ஈரல் செல்லில் கோளாறோ இருக்கலாம். பதப்படுத்தாதது மட்டும் கூடினால், ரத்தம் அதிகமாக உடைகிறதா, அல்லது ஈரல் பதப்படுத்தும் வேகம் பிறவியிலேயே கொஞ்சம் குறைவா என்று டாக்டர் பார்ப்பார். பிறவியிலேயே இப்படி வேகம் குறைவாக இருப்பதற்கு கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர். நூறு பேரில் மூன்று முதல் பத்து பேர் வரை இருக்கும், கெடுதல் செய்யாது. பட்டினி கிடந்தாலும், காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும் இவர்களுக்கு எண் கொஞ்சம் ஏறும்.

ஒரு முழு ரிப்போர்ட்டை எடுத்து நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று காட்ட முடியுமா?

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். 46 வயது அக்கா, எடை 72 கிலோ, ஐந்து வருடமாகச் சர்க்கரை. ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர். ரிப்போர்ட்டில் மொத்த பிலிருபின் 1.6, டைரக்ட் 0.3, இன்டைரக்ட் 1.3. எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 68. அல்புமின் 4.3. பிளேட்லெட் 2.4 லட்சம். லேப் தடித்த எழுத்தில் காட்டியிருந்தது பிலிருபினையும் எஸ்ஜிபிடியையும்தான். அவர் அழுதுகொண்டே வந்தார், "காமாலை முத்திப்போச்சுன்னு லேப்ல சொன்னாங்க" என்று.

முதலில் "வேலை" பக்கத்தை எடுத்தேன். அல்புமின் 4.3, அது நன்றாக இருக்கிறது. அல்புமின் என்பது ஈரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதம், 3.5-க்கு மேல் இருந்தால் தயாரிப்பு சரியாக நடக்கிறது என்று அர்த்தம். (இதை வெள்ளைக்கரு புரதம் என்று மொழிபெயர்த்த தாள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்தவர் தினமும் ஆறு முட்டை சாப்பிட ஆரம்பித்திருந்தார்.) பிலிருபின் 1.6 என்றாலும் அதில் 1.3 பதப்படுத்தாதது, பதப்படுத்தியது 0.3 மட்டுமே. "ஈரல்கிட்ட வந்து சேர்ந்ததை அது ஒழுங்கா அனுப்பிடுது அக்கா, வெளிய போற வழியிலே தேக்கம் இல்லை" என்றேன். அன்று எப்போது சாப்பிட்டார் என்று கேட்டேன். முந்தின இரவு ஏழு மணிக்கு, அதன் பிறகு காலை பத்து மணி வரை ஒன்றுமில்லை. பதினைந்து மணி நேர வெறும் வயிறு. அதைத் தாளில் குறித்து டாக்டருக்கு அனுப்பினேன். டாக்டர் ரத்தம் உடைகிறதா என்று வேறு சோதனை பார்த்துவிட்டு, கில்பர்ட் என்று சொன்னார். ஃபேட்டி லிவருக்கும் அந்த 1.6-க்கும் தொடர்பில்லை.

பிறகு "காயம்" பக்கம். எஸ்ஜிபிடி 68, அந்த லேப்பில் 40 வரை நார்மல். "லேசான கசிவு இருக்கு" என்றேன். எஸ்ஜிஓடியைவிட எஸ்ஜிபிடி கூடுதலாக இருப்பது ஃபேட்டி லிவரில் வழக்கமாகக் காணும் முறை. குடியால் வரும் ஈரல் நோயில் பெரும்பாலும் எஸ்ஜிஓடிதான் முந்தும், சில நேரம் இரண்டு மடங்காகவும் இருக்கும். ஆனால் இதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஃபேட்டி லிவரிலும் தழும்பு கூடக் கூட எஸ்ஜிஓடி முந்தலாம். அதனால் இந்த விகிதத்தை வைத்து யாரையும் "நீங்க குடிக்கிறீங்களா?" என்று மடக்கக் கூடாது.

மிச்சமிருந்தது ஒரே கேள்வி: தழும்பு விழுந்திருக்கிறதா? அதற்கு டாக்டர்கள் ஒரு கணக்கு போடுவார்கள்.

```
FIB-4 = (வயது × AST) ÷ (பிளேட்லெட் × √ALT)
```

இதில் மொழிபெயர்ப்பவர் தவறுகிற இடம் பிளேட்லெட். நம் லேப்கள் 2.4 லட்சம் என்று போடும், கணக்கில் போட வேண்டியது 240. ஆயிரத்தில் எத்தனை என்று எண்ண வேண்டும். மேலே 46 × 42 = 1932. கீழே 68-இன் வர்க்கமூலம் சுமார் 8.25, அதை 240-ஆல் பெருக்கினால் சுமார் 1980. வகுத்தால் 0.98 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லையை 2 என்று எடுப்பார்கள். 35 வயதுக்குக் கீழே கணக்கு நம்பும்படி வராது.

அக்காவுக்கு இந்தக் கணக்கு எதையும் நான் காட்டவில்லை. "தழும்பு விழுந்த மாதிரி தெரியலைன்னு டாக்டர் சொல்றார். எடையில அஞ்சு கிலோ குறைஞ்சா கசிவும் குறையும்னு சொல்றார்" என்றேன். அந்த ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது என்றால், உடல் எடையில் சுமார் 7 சதவீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்போடு அழற்சியும் குறைகிறது. 72-க்கு அது ஐந்து கிலோ. சதவீதமாகச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை.

ஃபைப்ரோசிஸ், சிரோசிஸ் இரண்டுக்கும் என்ன சொல்ல?

ஃபைப்ரோசிஸுக்குத் "தழும்பு". அகராதியில் இருக்கும் "இழைநார் வளர்ச்சி" என்பதைக் கேட்டால் ஏதோ கட்டி வளர்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். சிரோசிஸுக்கு "ஈரல் சுருக்கம்" என்று ஊரில் ஏற்கனவே சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று மட்டும் வந்தவரிடம் இந்தச் சொல்லை நாமாக எடுக்கக் கூடாது.

ஃபேட்டி லிவரைத் தமிழில் சொன்னாலே "நான் குடிக்கவே மாட்டேனே" என்கிறார்கள். என்ன செய்வது?

ஈரல் நோய் என்றால் குடி என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. பெண்களுக்கு இது அவமானமாகவே போய்விடுகிறது, மாமியார் முன்னால் ரிப்போர்ட்டைப் பிரிக்க மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. "ஆல்கஹால் சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்" என்ற பழைய பெயர் குடிக்காதவரின் நோய்க்குள்ளும் குடியை இழுத்து வந்தது. 2023-இல் உலக அளவிலேயே அந்தப் பெயரை மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துப் புதுப்பெயர் வைத்தார்கள். பழைய பெயரில் இருந்த கொழுப்பும் ஆல்கஹாலும் நோயாளியைக் குற்றவாளியாகக் காட்டுகின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நான் "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. சர்க்கரை, எடை, இடுப்புச் சுற்றளவு, இதோட சேர்ந்து வர்றது" என்று தொடங்குகிறேன். அப்போது குடியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. குடிக்கிறாரா என்பது டாக்டர் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, குடும்பத்தார் சூழ்ந்திருக்கும்போது மொழிபெயர்க்க வேண்டிய கேள்வி அல்ல.

இன்னொரு சின்ன விஷயம். "கொழுப்பு" என்றதும் பலர் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார்கள். ரத்தத்தில் உள்ள கொழுப்பு வேறு, ஈரலுக்குள் படிந்த கொழுப்பு வேறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணெய் பலகாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறும் சர்க்கரை போட்ட டீயும் தொடர்கிறவர்களுக்கு ஈரல் கொழுப்பு குறையாமல் இருப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

எஸ்ஜிபிடி நார்மலுக்கு வந்துவிட்டது. "சரியாயிடுச்சு" என்று சொல்லலாமா?

"கசிவு குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். ஈரலில் கொழுப்பு இருந்தும் எஸ்ஜிபிடி நார்மலாகவே இருப்பவர்கள் பலர். தழும்பு முற்றிய ஈரலிலும் எண் இறங்கி வரலாம், ஏனென்றால் கசிவதற்கு நல்ல செல் குறைந்துவிட்டது. அந்த நிலையில் வேறு வரிகள் பேசும்: அல்புமின் இறங்கும், பிளேட்லெட் இறங்கும். தழும்பால் ஈரல் வழியே ரத்தம் போவது தடைபட்டு, மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் பிளேட்லெட் இறங்க முக்கியக் காரணம். பழைய ரிப்போர்ட்டில் 2.4 லட்சமாக இருந்த பிளேட்லெட் இரண்டு மூன்று வருடத்தில் 1.3 லட்சமாகியிருந்தால், எஸ்ஜிபிடி அழகாக 30 என்று வந்தாலும் அந்த இரண்டு தாள்களையும் சேர்த்து டாக்டர் முன் வைக்க வேண்டும்.

ஜிஜிடி, ஏஎல்பி?

இரண்டும் பித்தநீர்ப் பாதையைப் பற்றிப் பேசுபவை. ஜிஜிடி ஃபேட்டி லிவரிலும் ஏறும், குடியிலும் ஏறும், சில மாத்திரைகளாலும் ஏறும். ஏஎல்பி எலும்பிலிருந்தும் வருவதால் வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருப்பது இயல்பு, கர்ப்பிணிகளுக்கு நச்சுக்கொடியிலிருந்தும் வரும்.

எந்த இடத்தில் விளக்குவதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்?

கண் மஞ்சளாக இருந்தால். சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போய், மலம் வெளிறி வந்தால். பிலிருபினில் பதப்படுத்தியது அதிகப் பங்கு பிடித்திருந்தால். எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால், ஏனென்றால் வெறும் கொழுப்பால் அது அவ்வளவு ஏறுவது அரிது. வேறு வைரஸோ, மருந்தோ, நாட்டு மருந்தோ இருக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் சாப்பிட்ட எல்லாவற்றையும், லேகியம், சூரணம், புரோட்டீன் பவுடர் உட்பட, ஒரு தாளில் எழுதி வாங்கிக் கூடவே அனுப்புங்கள். வயிறு வீங்குவது, கால் வீங்குவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ஆள் பகலில் தூங்கிக்கொண்டு இரவில் குழம்பிப் பேசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.